ஒரே இறக்கம், ஒரே தவறு, இரண்டு கடிதம்: எப்படி எழுதுவது?

கிராணியம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் பதினான்கு வருடமாகக் கிராணி வேலை பார்க்கிறேன். இரண்டு கடிதம் டைப் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாளாகக் கை ஓடவில்லை.

மேட்டு பிளாக்கிலிருந்து குலை ஏற்றிய லோரிகள் ஒரு நீண்ட இறக்கத்தில் வந்து, அம்மன் கோயிலைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறும். காலையில் லோரியை எடுக்கும் முன் ஓட்டுநர் காற்றுத் தொட்டியின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். காற்று நிறைந்த பிறகு பிரேக்கை மிதித்தபடியே ஊசி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பின்சக்கரத்தில் பிரேக் தண்டு எவ்வளவு நீளம் வெளியே வருகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். அப்புறம் புத்தகத்தில் கையெழுத்து.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் இளைய ஓட்டுநர் அந்த இறக்கத்தில் வந்தார். சந்தியில் பிரேக் பிடிக்கவில்லை. லோரி சாலையைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கப் புல்லில் போய் நின்றது. சாலையில் யாரும் இல்லை. மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டு லோரியைத் திருப்பி ஆலைக்குப் போய்விட்டார். இருபது நிமிடம் கழித்து மூத்த ஓட்டுநர் வந்தார். அதே இறக்கம், அதே சந்தி, அவருக்கும் பிரேக் பிடிக்கவில்லை. அந்த நேரம் மோட்டாரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் அங்கே இருந்தார். இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள்.

மறுநாள் எல்லா லோரிகளையும் பட்டறையில் ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு லோரியிலும் பிரேக் தண்டு அளவுக்கு மீறி வெளியே வந்தது. இரண்டு தொட்டியிலும் எண்ணெய் கலந்த தண்ணீர். புத்தகங்களை விபத்து நடந்த அன்றே நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இருவர் புத்தகத்திலும் திங்கள் தொடங்கி எல்லாக் கையெழுத்தும் ஒரே நீல மசியில், ஒரே சாய்வில் இருந்தன. அன்றைக்கு வெள்ளிதான். ஆனால் இரண்டிலும் சனிக்கிழமைக் கட்டத்திலும் கையெழுத்து விழுந்திருந்தது.

இப்போது மூத்தவருக்கு வேலை நீக்கக் கடிதம், இளையவருக்கு எச்சரிக்கைக் கடிதம். மூத்தவர் மேல் போலீஸ் வழக்கும் இருக்கிறது. இருவரும் செய்தது ஒன்றுதான், இல்லையா? சாலையில் ஆள் இருந்ததும் இல்லாததும் இவர்கள் கையிலா இருந்தது? அப்படியென்றால் எதை வைத்து இரண்டு விதமாக எழுதுவது?

ஜாலான்லிந்தாங் எழுதியது:

அக்கா, இறந்தவர் வேலைக்குப் போகும் வழியில் விபத்து என்றால் பெர்கேசோவில் குடும்பத்துக்குப் பணம் உண்டு. முதலாளியிடம் பாரம் வாங்கி, போலீஸ் ரிப்போர்ட் நகலோடு கொடுக்கச் சொல்லுங்கள். தாமதிக்க வேண்டாம்.

கிராணியம்மா எழுதியது:

நன்றி தம்பி, அது போன வாரமே கொடுத்தாயிற்று. நான் கேட்பது வேறு. பணம் யார் கொடுப்பது என்பதல்ல, குற்றம் யார் மேல் எவ்வளவு என்பது.

தமிழ்வாத்தியார் எழுதியது:

அம்மா, இதில் குழம்ப என்ன இருக்கிறது? மனத்தில் என்ன இருந்ததோ அதற்குத்தான் மனிதன் பொறுப்பு. விளைவு ஊழின் வேலை. இருவர் மனமும் ஒன்று, அலட்சியமும் ஒன்று. ஆகவே கடிதமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் முன்னோர் இதை அன்றே தீர்த்துவிட்டார்கள். மனுநீதிச் சோழன் மகன் கவனமில்லாமல் தேர் ஓட்டிக் கன்றைக் கொன்றான். கவனமின்மைக்கு அரசன் தண்டனை கொடுத்தான். அவ்வளவுதான் நீதி.

மெய்ப்பொருள் எழுதியது:

ஐயா, அந்தக் கதை நீங்கள் சொல்லும் பக்கம் நிற்காது. ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அதற்கு முன் மெய்யியல் படித்தவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வதைத் திரும்பப் படியுங்கள். இளவரசன் தறிகெட்டு ஓட்டினான் என்று அவர் சொல்லவில்லை. கன்றுதான் யாரும் காணாதபடி துள்ளி வந்து தேர்க்காலில் விழுகிறது. இளவரசன் பதறி, தேரை விட்டு இறங்கி, கழுவாய் என்ன என்று அந்தணர்களைக் கேட்கக் கிளம்புகிறான். அமைச்சர்களும் கழுவாய் போதும் என்றுதான் அரசனிடம் சொல்கிறார்கள். அரசன் ஒப்பவில்லை. தவறே செய்யாதவன் மேல் முழுப் பாரமும் விழுவதுதான் அந்தக் கதை. மனம் மட்டும் கணக்கு என்றால் அங்கே தண்டிக்க ஒன்றுமே இல்லை. நாமோ ஆயிரம் வருடமாக அந்த அரசனை நீதிமான் என்கிறோம்.

கிராணியம்மா கேட்ட கேள்விக்கு 1976-ல் ஒரு பெயர் வந்தது. இங்கிலாந்தில் ஒரே கருத்தரங்கில் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இருவர் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள். 'அறத்தில் அதிர்ஷ்டம்' என்று தமிழில் சொல்லலாம். அந்தச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உறுத்த வேண்டும் என்றுதான் வில்லியம்ஸ் அவற்றைச் சேர்த்தார். அறம் என்றால் நம் கையில் இருப்பது, அதிர்ஷ்டம் என்றால் நம் கையில் இல்லாதது. நேகல் கொடுக்கும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று அப்படியே உங்கள் சந்தியில் நடந்திருக்கிறது: பிரேக்கைச் சோதிக்காமல் விட்ட லோரி ஓட்டுநர், குறுக்கே வந்த குழந்தை. குழந்தை வராவிட்டால் அவர் தன்னைக் கொஞ்சம் நொந்துகொள்வார், அவ்வளவுதான். வந்துவிட்டதால் ஒரு சாவுக்குத் தன்னையே குற்றம் சொல்வார். இரண்டிலும் அவர் செய்தது ஒன்றே.

நம் எல்லோருக்கும் இரண்டு நம்பிக்கை இருக்கிறது. கையில் இல்லாததற்கு ஒருவரைக் குறை சொல்லக் கூடாது என்பது ஒன்று. ஆளைக் கொன்றவனையும் கொல்லாதவனையும் ஒன்றாகப் பார்க்க முடியாது என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் கை ஓடாததற்குக் காரணம் அதுதான்.

நவீன்_பட்டறை எழுதியது:

அண்ணே, ஒரு சின்ன விஷயம். விளைவு பெரிதாக இருந்தால் தவறும் பெரிதாக இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதானே? ஆளைக் கொன்றவர் கொஞ்சம் கூடவே அலட்சியமாக இருந்திருப்பார். நாங்கள் பட்டறையில் அப்படித்தான் பார்ப்போம். உடைந்து வந்த பாகத்தைப் பார்த்தே எவ்வளவு காலம் கவனிக்காமல் விட்டார்கள் என்று சொல்லிவிடலாம்.

மெய்ப்பொருள் எழுதியது:

தம்பி, நல்ல பதில்தான். பெரிய பெரிய ஆட்களே இந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். மனம் கண்ணுக்குத் தெரியாது, விளைவுதான் தெரியும், அதனால் விளைவை வைத்து மனத்தை அளக்கிறோம் என்பார்கள். பெரும்பாலான வழக்குகளில் அது சரியும்கூட.

ஆனால் இங்கே கிராணியம்மா மேசையில் இரண்டு புத்தகமும் திறந்து கிடக்கின்றன. இரண்டு லோரியையும் உங்களைப் போன்ற ஒருவர் அளந்து பார்த்துவிட்டார். ஊகிக்க மிச்சம் ஒன்றும் இல்லை, தவறு இரண்டும் சமம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மூத்தவர் மேல் நமக்கு இருக்கும் உணர்வு இளையவர் மேல் வருகிறதா? வரவில்லை என்றால் அறியாமை அதற்குக் காரணமல்ல.

சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நம் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 41-ஆவது பிரிவும் 42-ஆவது பிரிவும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆபத்தான வகையில் ஓட்டுவது 42. அதே ஓட்டத்தில் ஒருவர் இறந்துபோனால் 41. 41-இல் இத்தனை வருடத்துக்குக் குறையாமல் சிறை என்று கீழ்வரம்பு உண்டு, 42-இல் அப்படி இல்லை. ஓட்டியவர் செய்த செயலில் மாற்றம் எதுவும் தேவையில்லை. சாலையில் யார் இருந்தார் என்பதே பிரிவை மாற்றிவிடுகிறது. மூத்தவர் மேல் எந்தப் பிரிவு வரும் என்பது வேறு விஷயம், அதை நான் சொல்ல முடியாது.

டேவிட் லூயிஸ் என்பவர் 1989-ல் இதைச் சீட்டுக் குலுக்கலோடு ஒப்பிட்டார். ஒரே குற்றம் செய்தவர்களை வரிசையில் நிற்க வைத்து, சீட்டு எடுக்கச் சொல்லி, கெட்ட சீட்டு எடுத்தவனை மட்டும் கடுமையாகத் தண்டித்தால் ஒப்புவோமா? ஒப்புவது கடினம். ஆனால் நடப்பது ஏறக்குறைய அதுதான், சீட்டு நீதிமன்றத்தில் எடுக்கப்படாமல் சந்தியில் எடுக்கப்படுகிறது. இது நியாயமா, அநியாயமா என்று அவர் முடிவாகச் சொல்லவில்லை.

பழைய_டிரைவர் எழுதியது:

படித்தவர்கள் பேசும்போது குறுக்கே வருகிறேன். முப்பத்திரண்டு வருடம் பலகை லோரி ஓட்டினேன். கோலகங்சார் போகும் பழைய சாலையில் ஒரு பையன் என் லோரியில் அடிபட்டு இறந்தான். வேகம் இல்லை. குடி இல்லை. பிரேக் முதல் நாள்தான் பார்த்தது. நிறுத்தியிருந்த பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தான். போலீஸ், ஆபீஸ், அந்தப் பையனின் அப்பாகூட, எல்லோரும் உன் மேல் தப்பில்லை என்றார்கள்.

அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. தப்பில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவன் இறந்தது என் லோரியில். பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும் வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் வருத்தமும் என் வருத்தமும் ஒன்றல்ல. அவன் ஒரு காலில் மட்டும் பள்ளிக்கூடச் சப்பாத்து இருந்தது, இன்னொன்று சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. வெள்ளைச் சப்பாத்து, அன்றைக்குத்தான் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள், என் விரலில் ஒட்டிக்கொண்டது. அவன் கருமாதிக்குப் போனேன். அதற்கப்புறம் வருடா வருடம் அந்தத் தேதியில் லோரி எடுக்க மாட்டேன்.

இப்போது கேட்கிறேன், நான் செய்தது முட்டாள்தனமா? என் கையில் இல்லாததற்குத்தானே இத்தனை வருடம் சுமந்தேன்?

மெய்ப்பொருள் எழுதியது:

ஐயா, முட்டாள்தனம் இல்லை. வில்லியம்ஸ் எழுதியது உங்களைப் போன்ற ஒருவரைப் பற்றித்தான்: தன் தவறு எதுவும் இல்லாமல் குழந்தை மேல் ஏற்றிவிட்ட லோரி ஓட்டுநர். மற்றவர்கள் அவரைத் தேற்றுவது சரிதான் என்கிறார். ஆனால் அவர் அந்தத் தேறுதலை உடனே ஏற்றுக்கொண்டு, ஆமாம், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுந்து போய்விட்டால், அவரிடம் ஏதோ குறைகிறது என்று நமக்கே தோன்றும். நீங்கள் சுமப்பது குற்றவுணர்ச்சி அல்ல, வேடிக்கை பார்த்தவரின் வருத்தமும் அல்ல. செய்தவனுக்கு மட்டும் உரிய ஒரு துக்கம்.

கையில் இருப்பதற்கு மட்டுமே பொறுப்பு என்ற கணக்கில் அந்தத் துக்கத்துக்கு இடமே கிடையாது. உங்களிடம் அது இருக்கிறது. அப்போது கணக்கில்தான் ஏதோ குறை என்று நான் நினைக்கிறேன்.

சயாம்பேரன் எழுதியது:

என் தாத்தாவைப் பற்றி வெளியில் இதுவரை சொன்னதில்லை. இந்த இழையைப் படித்த பிறகு சொல்லலாம் என்று தோன்றியது.

ஜப்பான்காரன் காலத்தில் அவர் ஒரு பால்மரத் தோட்டத்தில் கிராணி. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று பட்டியல் கேட்டார்கள். பெயர் எழுதிக் கொடுத்தவர் தாத்தா. எழுதாவிட்டால் அவரையே ஏற்றியிருப்பார்கள் என்று பாட்டி சொல்லும். கல்யாணம் ஆகாதவர்களாகப் பார்த்து எழுதினாராம். பின்னால் அதுவும் போதாமல் குடும்பக்காரர்களையும் எழுத வேண்டி வந்தது. போனவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சண்டை முடிந்த பிறகு லயத்தில் யாரும் தாத்தா வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. அவர் செத்தபோது தூக்கவே ஆள் குறைவு.

தாத்தாவின் தம்பியும் கிராணிதான். 1939-ல் சம்பளத் தகராறில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறினார். தஞ்சாவூர்ப் பக்கம் மளிகைக் கடை வைத்து, கோயில் கமிட்டித் தலைவராக இருந்து, ஊரே கூடி எடுத்துப் போனது. பாட்டி சொல்லும், இரண்டு பேரும் ஒரே குணம், சண்டைக்குப் பயந்தவர்கள், மேலே இருப்பவன் சொன்னால் மறுக்காதவர்கள் என்று. தம்பி இங்கே இருந்திருந்தால் அவரும் எழுதியிருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவருக்குக் கோயில் மரியாதை, இவருக்கு இது. நடுவில் இருந்தது ஒரு கப்பல் டிக்கெட்.

நவீன்_பட்டறை எழுதியது:

அண்ணே, இதைப் படித்து ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனால் இப்படிப் போனால் எங்கே நிற்பது? தாத்தாவுக்கு அந்த நேரம் அமைந்தது. பயந்த குணமும் அவர் கேட்டு வாங்கியதில்லை. மூத்த டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். நடைக்கு இத்தனை வெள்ளி என்று கூலி கொடுத்தால் எவன் பத்து நிமிடம் குனிந்து பிரேக் பார்ப்பான்? அதுவும் அவர் கையில் இல்லை. ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் கடைசியில் குற்றம் சொல்ல ஒருவருமே மிஞ்ச மாட்டார். அப்புறம் கடிதம் எதற்கு?

மெய்ப்பொருள் எழுதியது:

நேகல் பயந்ததும் இதற்குத்தான் தம்பி. விளைவு, சூழ்நிலை, குணம், அதற்கு முன்னால் நடந்த காரணங்கள் என்று ஒவ்வொன்றாகக் கழித்தால், தீர்ப்புச் சொல்ல மிஞ்சும் 'நான்' என்பது நீளமும் அகலமும் இல்லாத ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும் என்றார். அதிலிருந்து வெளியே வரும் வழியை அவர் காட்டவில்லை.

சயாம்பேரன் அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தம்பியும் எழுதியிருப்பார் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதனால் தாத்தா எழுதியது இல்லாமல் போகாது. ஆனால் தண்ணீர் குடிக்க மறுத்தவர்கள், தாங்கள் அந்த நாற்காலியில் உட்கார வைக்கப்படவில்லை என்பதையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

தமிழ்வாத்தியார் எழுதியது:

மனுநீதிச் சோழனைப் பற்றி நான் தவறாகச் சொல்லிவிட்டேன். நாற்பது வருடம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், இப்போது எடுத்துப் பார்த்தேன்.

புறநானூறு 192-ஐ எல்லோரும் முதல் வரியோடு விட்டுவிடுகிறோம். கணியன் பூங்குன்றனார் முடிக்கும் இடம் வேறு. மலையிலிருந்து விழுந்து கல்லில் மோதி ஓடும் ஆற்றில் தெப்பம் எப்படிப் போகிறதோ அப்படித்தான் உயிர் முறைவழியில் போகிறது என்கிறார். அதை அறிந்ததனால், 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்கிறார். கோயில் கமிட்டித் தலைவரை வியக்காதே, பட்டியல் எழுதியவரை இகழாதே. நேற்று இரவு இதைப் படித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பழைய_டிரைவர் எழுதியது:

வாத்தியார் ஐயா, பாட்டு நல்ல பாட்டு. ஆனால் தெப்பத்துக்குத் துடுப்பு கிடையாது. எங்கள் லோரிக்கு பிரேக் உண்டு. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. இகழ வேண்டாம் என்றால் சரி. கேட்கவே வேண்டாம் என்றால் அந்த மோட்டார்க்காரர் பெண்டாட்டியிடம் போய்ச் சொல்லுங்கள்.

மெய்ப்பொருள் எழுதியது:

இந்த இடத்தில் சூசன் வுல்ஃப் என்ற மெய்யியலாளர் சொன்னது உதவும் என்று நினைக்கிறேன். குற்றத்தின் அளவு இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் விளைவு யார் கையால் நடந்ததோ அவர், வற்புறுத்தாமலே, அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வது ஒரு நல்ல குணம் என்கிறார். வெளியிலிருந்து நாம் அதைச் சட்டமாகக் கேட்க முடியாது. ஆனால் அவரே செய்யாவிட்டால் மனம் சுருங்குகிறது. டிரைவர் ஐயா கருமாதிக்குப் போனது அந்த வகை.

அப்படிப் பார்த்தால் கம்பெனி இருவரையும் குறை சொல்லும் பகுதி ஒன்றாக இருக்க வேண்டும், ஏனென்றால் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது இருவரும். மூத்தவர் அந்தக் குடும்பத்துக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்பது வேறு கணக்கு. அதைக் கம்பெனி கடிதத்தில் எழுத முடியாது.

இதிலும் ஓட்டை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். குற்றம் சமம் என்றால் இளையவர் மேலும் நாம் அதே அளவு கோபப்பட வேண்டும். என்னாலேயே அது முடியவில்லை.

கிராணியம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மேனேஜரிடம் இரண்டு கடிதத்திலும் முதல் பத்தி ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டேன். சோதனை செய்யவில்லை, செய்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், சனிக்கிழமைக்கும் முன்கூட்டியே போட்டிருக்கிறார் என்று. சரி என்றார். வேலை நீக்கத்தை மாற்ற மாட்டேன், ஆள் செத்திருக்கிறது, மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்றார். இளையவரையும் நீக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்று தெரியவில்லை, அவருக்குப் பிள்ளை பிறந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நடைக் கூலி பற்றி நவீன் தம்பி சொன்னதையும் சொன்னேன், அதைப் பற்றி அவர் பேசவில்லை.

பழைய_டிரைவர் எழுதியது:

இளைய தம்பி அந்தச் சாவு வீட்டுக்குப் போனாரா அம்மா?

கிராணியம்மா எழுதியது:

போனார் ஐயா. மூத்தவர் அப்போது லாக்கப்பில் இருந்தார், போக முடியவில்லை. இளையவர் கூடாரத்துக்கு வெளியே, லோரி நிறுத்தும் பக்கம் நின்றார். உள்ளே வாருங்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். நீங்கள் யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் அப்படியே வந்துவிட்டதாக என்னிடம் சொன்னார். இன்று காலை ஆறு மணிக்கு ஆபீஸ் திறக்கும்போது லோரிக்கு அடியில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. தொட்டி வால்வில் காற்று சீறும் சத்தமும் கேட்டது. கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை, மேசையில்தான் இருக்கிறது.